ஏரி மேல் ஆர்வம் இருக்கிறது, கேள்விதான் இல்லை: முதல் ப்ராஜெக்ட் செய்பவர்களுக்கு

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் படிக்கும் மாணவர்கள் ப்ராஜெக்ட் தலைப்பு எழுதச் சொன்னால், பத்தில் சிலராவது "நகர ஏரிகளின் மாசுபாடு: ஓர் ஆய்வு" என்று எழுதிக் கொடுப்பார்கள். ஊரிலேயே ராமக்காள் ஏரி, அன்னசாகரம் ஏரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அவதானப்பட்டி ஏரி, ஓசூரில் ராமநாயக்கன் ஏரி என்று இருக்கும்போது அந்த ஆசை வருவது இயல்புதான். ஆனால் அது தலைப்பே தவிர, கேள்வி அல்ல. அதை நம்பி ஏரியில் இறங்கினால் மூன்று மாதம் கழித்து கையில் ஓர் அட்டவணை இருக்கும். "அதனால் என்ன?" என்று வைவாவில் கேட்டால் சொல்லப் பதில் இருக்காது.

அந்த ஆர்வத்தை, ஒரே ஆய்வகத்தில், ஒரே பருவத்தில், ஒரே அளவுருவை வைத்துச் சோதிக்கக்கூடிய கேள்வியாக மாற்றுவது எப்படி என்பதை ஓர் உதாரணத்தை முழுதாக எடுத்துப் பார்ப்போம். அளக்கப்போவது கரைந்த ஆக்சிஜன். வேதியியல், விலங்கியல், தாவரவியல் படிப்பவர்களில் யாருக்கும் கல்லூரி ஆய்வகத்திலேயே முடிகிற வேலை இது.

1. முதலில் கரையைச் சுற்றுங்கள், கட்டுரைகளைப் பிறகு தேடலாம்

ஏரியை இரண்டு முறை சுற்றி வாருங்கள். ஒருமுறை விடியலில், ஒருமுறை பிற்பகல் இரண்டு மணிக்கு மேல். கையில் நோட்டும் பேனாவும் போதும். ஏரியின் வரைபடம் வேண்டுமென்றால் eservices.tn.gov.in தளத்தில் புல எண்ணைக் கொடுத்துப் புலப்படம் பார்க்கலாம். அ-பதிவேட்டு விவரமும் அங்கேயே கிடைக்கும். அது எந்த வகை நிலம் என்பது அனுமதி கேட்கும்போது உதவும்.

நோட்டில் "தண்ணீர் அசுத்தம்" என்று எழுதாதீர்கள். எங்கே, எப்போது, எதைவிட என்ற மூன்றும் உள்ள வரிகளாக எழுதுங்கள். உதாரணமாக: "சாக்கடைக் கால்வாய் கலக்கும் இடத்தில் பிற்பகலில் தண்ணீர் பட்டாணிச் சாறு போலப் பச்சை, மதகுப் பக்கம் கலங்கல்தான், பச்சை இல்லை." "விடியலில் கால்வாய்ப் பக்கம் சின்ன மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடுகின்றன. மதகருகே அப்படி இல்லை." இப்படி இரண்டு வரி கிடைத்தாலே கேள்வியின் விதை கையில் வந்துவிட்டது.

கூடவே இவற்றையும் குறியுங்கள்: எத்தனை இடத்தில் கழிவுநீர் கலக்கிறது, ஆகாயத்தாமரை எவ்வளவு பரப்பை மூடியிருக்கிறது, மீன் குத்தகை ஓடுகிறதா, கோடி வழியாகத் தண்ணீர் போகிறதா. கோடி போய்க்கொண்டிருந்தால் ஏரித் தண்ணீர் மாறிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். அப்போது அளவெடுப்பதைத் தள்ளிப் போடுங்கள்.

2. கேள்வியைச் சுருக்குங்கள், அளக்க முடிகிற வரை

"நகர ஏரிகளின் மாசுபாடு" என்பதில் எந்த ஏரி, எந்த மாசு, எதோடு ஒப்பிட்டு என்பது எதுவுமே இல்லை. "இந்த ஏரியின் நீர்த்தரம் எப்படி?" என்று மாற்றினால் ஏரி வந்துவிட்டது. ஆனால் நீர்த்தரம் என்றதும் பி.எச்., கடினத்தன்மை, குளோரைடு, நைட்ரேட், பாஸ்பேட் என்று பத்து அளவுரு வரிசையில் நிற்கும். பத்து அளவுரு, மூன்று இடம், பன்னிரண்டு நாள் என்றால் 360 சோதனை. தனியார் ஆய்வகத்தில் ஒவ்வொரு மாதிரிக்கும் ஒவ்வொரு அளவுருவுக்கும் தனித்தனியாகக் கட்டணம் வாங்குவார்கள். ஒரு முறை விலைப்பட்டியல் கேட்டுப் பாருங்கள், தலைப்பு தானாகச் சுருங்கும்.

"கழிவுநீர் கலக்கும் இடத்தில் ஆக்சிஜன் குறைவா?" என்பது இன்னும் நல்ல கேள்வி. பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். இதில் ஒரு ஓட்டை இருக்கிறது: எந்த நேரத்தில் என்று கேட்கவில்லை. ஏரியில் ஆக்சிஜன் ஒரு நாளைக்குள்ளேயே ஏறி இறங்கும். நேரத்தைக் குறிப்பிடாத கேள்விக்கு, நீங்கள் போன நேரத்தைப் பொறுத்து மூன்று விதமான பதில் வரலாம்.

அந்த ஏற்ற இறக்கம்தான் இந்த ஆய்வுக்கே கரு. அதனால் அடுத்த படியில் கொஞ்சம் நிதானமாக இருங்கள்.

3. ஒரே காட்சிக்குப் போட்டியாக இரண்டு காரணம் எழுதுங்கள்

கருதுகோள் என்றால் "இப்படி இருக்கும் என்று நினைக்கிறேன்" என்ற ஊகம் மட்டுமல்ல. அது நடந்தால் இதுவும் நடக்க வேண்டும், நடக்காவிட்டால் என் கருத்து தப்பு என்று சொல்கிற வாக்கியம். அதை எழுதச் சுலபமான வழி, நீங்கள் பார்த்த காட்சிக்கு இரண்டு வேறு காரணங்களை யோசித்து, இரண்டும் எங்கே பிரிகின்றன என்று தேடுவது.

கால்வாய் வாய்ப் பக்கம் விடியலில் மீன் திணறுகிறது. காரணம் என்னவாக இருக்கலாம்?

முதல் காரணம்: கழிவுநீரோடு வரும் அழுகும் பொருள். சமையலறை, கழிப்பறைக் கழிவை பாக்டீரியா சிதைக்கும்போது ஆக்சிஜனைத் தின்கிறது. பாக்டீரியாவுக்கு இரவும் பகலும் ஒன்றுதான். அப்படியானால் கால்வாய்ப் பக்கம் விடியலிலும் ஆக்சிஜன் குறைவாக இருக்க வேண்டும், பிற்பகலிலும் மதகுப் பக்கத்தைவிடக் குறைவாகவே இருக்க வேண்டும்.

இரண்டாம் காரணம்: கழிவுநீரோடு வரும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் பாசியைக் கொழிக்க வைக்கின்றன. பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை விடும். இரவில் ஒளி இல்லை, ஆனால் சுவாசம் நிற்காது, அதே ஆக்சிஜனைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அப்படியானால் விடியலில் கால்வாய்ப் பக்கம் குறைவு, பிற்பகலில் மதகுப் பக்கத்தைவிட அதிகம்.

விடியலைப் பற்றி இரண்டும் ஒரே பதிலைத்தான் சொல்கின்றன. விடியலில் மட்டும் ஐம்பது பாட்டில் எடுத்தாலும் இரண்டையும் பிரிக்க முடியாது. பிரித்துக் காட்டுவது பிற்பகல் அளவு மட்டும்தான்.

இப்போது காலை பத்து மணிக்கு என்ன ஆகும் என்று பாருங்கள். மாணவர்கள் பெரும்பாலும் போகிற நேரம் அதுதான். கல்லூரிக்கு வந்து, கையெழுத்துப் போட்டு, பாட்டிலை எடுத்துக்கொண்டு கிளம்ப அவ்வளவு நேரம் ஆகிவிடும். இரண்டாம் காரணம் உண்மையாக இருந்தால், பாசி நிறைந்த பக்கத்தின் ஆக்சிஜன் விடியலில் கீழேயிருந்து ஏறத் தொடங்கி, முற்பகலில் மதகுப் பக்கத்தின் அளவைத் தாண்டிக்கொண்டு மேலே போகும். தாண்டுகிற அந்த வேளையில் அளந்தால் இரண்டு இடமும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் தெரியும். "குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவீர்கள். பெரிய வேறுபாடு உள்ள ஏரியில் வேறுபாடே இல்லை என்ற முடிவு வருவது இப்படித்தான்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். தண்ணீர் சூடானால் அதில் ஆக்சிஜன் கரைவது குறையும். கடல் மட்டத்தில் 25 டிகிரி நன்னீரில் காற்றிலிருந்து கரையக்கூடிய உச்சம் லிட்டருக்குச் சுமார் 8.3 மி.கி., 30 டிகிரியில் சுமார் 7.6. தருமபுரி சுமார் 460 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவதால் இவற்றை ஏறக்குறைய 5 சதவீதம் குறைத்துக்கொள்ளுங்கள்: 7.8, 7.2. ஓசூர் இன்னும் உயரம். அங்கே சுமார் 10 சதவீதம் குறைக்க வேண்டும்.

ஆக, உயிரே இல்லாத தண்ணீராக இருந்தால் குளிர்ந்த விடியலில்தான் ஆக்சிஜன் அதிகம் இருக்கும், வெயிலில் குறையும். பிற்பகலில் ஏறுகிறது என்றால் அங்கே ஒளிச்சேர்க்கை நடக்கிறது. 30 டிகிரித் தண்ணீரில் 11 மி.கி. வந்தால் அது காற்றிலிருந்து கரைந்ததாக இருக்க வழியில்லை. உங்கள் அளவுகளை நீங்களே சரிபார்க்க இந்த 7.2 என்ற எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

4. கேள்வியையும் கருதுகோள்களையும் எழுத்தில் வையுங்கள், தேதியோடு

இப்போது கேள்வி இப்படி ஆகிறது:

"ஜனவரி கடைசி முதல் மார்ச் நடு வரை, ஏரியின் சாக்கடைக் கால்வாய் வாயருகே, 30 செ.மீ. ஆழத்தில், பிற்பகல் 2 முதல் 3 மணிக்குள் எடுத்த கரைந்த ஆக்சிஜன், அதே நாளில் மதகருகே உள்ளதைவிடக் கூடுதலா, குறைவா?"

இதற்கு மூன்று பதில்தான் சாத்தியம். மூன்றையும் முன்னதாகவே எழுதுங்கள்.

இன்மைக் கருதுகோள்: இரண்டு இடத்துக்கும் பிற்பகலில் ஒருபக்கமான வேறுபாடு இல்லை; சில நாள் இங்கே அதிகம், சில நாள் அங்கே அதிகம்.

கருதுகோள் 1, அழுகல்: பிற்பகலில் கால்வாய்ப் பக்கம் குறைவு.

கருதுகோள் 2, பாசி: பிற்பகலில் கால்வாய்ப் பக்கம் அதிகம், விடியலில் குறைவு.

கருதுகோள் 2-இல் இரண்டு நிபந்தனை இருப்பதைக் கவனியுங்கள். பிற்பகலில் அதிகமாக இருந்து விடியலில் குறையவில்லை என்றால் அந்தக் கருதுகோள் பாதிதான் தேறியது. அடியில் வேர்விட்ட நீர்ச்செடிகள், காற்று ஒதுக்கிக் கொண்டுவந்த பாசி ஆடை என்று வேறு காரணத்தைத் தேட வேண்டும். தோற்கிற வழியையும் இப்படிக் கருதுகோளுக்குள்ளேயே எழுதிவைத்தால் பின்னால் வளைத்துப் பொருள் சொல்ல ஆசை வராது.

இந்தப் பக்கத்தில் தேதி போட்டுக் கைடிடம் கையெழுத்து வாங்குங்கள். அளவெடுத்த பிறகு கருதுகோளை மாற்றி எழுதுவது இங்கே சர்வசாதாரணமாக நடக்கிறது. கேட்டால் "சும்மா வார்த்தையைத்தான் திருத்தினேன்" என்பார்கள். ஏற்கெனவே பார்த்த எண்ணுக்கு ஏற்ப எழுதிய கருதுகோளை அதே எண்ணால் சோதிக்க முடியாது.

5. இடம் தேர்வு: கால்வாயை அளக்காதீர்கள், ஏரியை அளங்கள்

கால்வாய் வாயிலேயே பாட்டிலை விட்டால் கிடைப்பது சாக்கடைத் தண்ணீர். அதில் ஆக்சிஜன் குறைவு என்பது ஆய்வு செய்யாமலே தெரியும். வாயிலிருந்து கரையோரமாக 15 அல்லது 20 மீட்டர் தள்ளி, கழிவுநீர் ஏரித் தண்ணீரோடு கலந்த இடத்தில் எடுங்கள். தண்ணீர் குறைந்தது 60 செ.மீ. ஆழம் இருக்கட்டும், அதற்குக் கீழே என்றால் சேறு கலங்கி வந்துவிடும்.

ஆகாயத்தாமரைக்கு அடியில் எடுக்காதீர்கள். ஒளி புகாது, காற்றும் படாது; அங்கே ஆக்சிஜன் இரண்டு வேளையும் குறைவாகவே இருக்கும். கால்வாய்ப் பக்கம் மட்டும் ஆகாயத்தாமரை மூடியிருந்தால், நீங்கள் கண்டுபிடிக்கும் வேறுபாடு செடியால் வந்ததா கழிவால் வந்ததா என்று சொல்லவே முடியாது. இரண்டு இடமும் திறந்த தண்ணீராக இருக்க வேண்டும். அப்படி இடம் கிடைக்காவிட்டால் ஏரியை மாற்றுங்கள்.

மூன்றாவதாக ஓர் இடம் கட்டாயம் வேண்டும்: மதகிலிருந்து தூரத்தில், எந்தக் கால்வாயும் கலக்காத இன்னொரு கரை. எந்த ஏரியிலும் இரண்டு இடத்தை அளந்தால் கொஞ்சம் வேறுபாடு இருந்தே தீரும். கழிவு கலக்காத இரண்டு இடங்களுக்குள்ளேயே 2 மி.கி. வேறுபாடு இருக்கிறது என்றால், கால்வாய்ப் பக்கம் காட்டும் 2 மி.கி.க்குத் தனி மதிப்பு எதுவும் இல்லை. மூன்றாவது இடம் இல்லாமல் வரும் ப்ராஜெக்டுகளில் இந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது.

மூன்று இடத்தையும் சுற்ற முக்கால் மணி நேரம் ஆகும். ஒரு நாள் கால்வாயிலிருந்து தொடங்கினால் அடுத்த நாள் மதகிலிருந்து தொடங்குங்கள். எப்போதும் ஒரே வரிசையில் போனால் நேர வேறுபாடு இட வேறுபாடாக வேஷம் போட்டுவிடும்.

6. எத்தனை நாள்? பாட்டில் கணக்கு வேறு, நாள் கணக்கு வேறு

ஒரே இடத்தில் ஒரே வேளையில் மூன்று பாட்டில் எடுத்து "மாதிரி எண்ணிக்கை மூன்று" என்று எழுதுவது மிகப் பெரிய பொறி. அந்த மூன்றும் ஒரே தண்ணீர். அவை உங்கள் கை எவ்வளவு நிதானம் என்பதைத்தான் காட்டும், ஏரியைப் பற்றி எதுவும் சொல்லாது. இந்த ஆய்வில் எண்ணிக்கை என்பது நாட்கள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரே ஓர் எண்: பிற்பகலில் கால்வாய்ப் பக்க அளவிலிருந்து மதகுப் பக்க அளவைக் கழித்தது.

சோதனைக்குக் குறிச் சோதனை போதும். கூட்டல் வந்த நாள் எத்தனை, கழித்தல் வந்த நாள் எத்தனை என்று எண்ணுவதுதான் அது. வேறுபாடே இல்லையென்றால் காசு சுண்டியது போலப் பாதிப் பாதி வர வேண்டும். ஐந்து நாள் எடுத்து ஐந்தும் ஒரே பக்கம் வந்தாலும் தற்செயல் வாய்ப்பு 0.0625, வழக்கமான 0.05 எல்லைக்குள் வராது. ஆறுக்கு ஆறு வந்தால் 0.031. ஆனால் ஆறில் ஒன்று தவறினாலும் போயிற்று. பன்னிரண்டு நாள் எடுத்தால் இரண்டு நாள் எதிர்ப்பக்கம் போனாலும் 0.039-இல் நிற்கும். ஏரியில் இரண்டு நாளாவது மேகமூட்டமாக இருக்கும், பாசி வேலை செய்யாது. அதனால் பன்னிரண்டு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விரிதாளில் இப்படிக் கணக்கிடலாம்:

```
=2*BINOM.DIST(2,12,0.5,TRUE)
```

இதில் 2 என்பது எதிர்ப்பக்கம் போன நாட்கள், 12 மொத்த நாட்கள். வேறுபாடு 0.5 மி.கி.க்குள் இருந்தால் அந்த நாளைச் சமன் என்று வைத்துக் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள். மொத்த நாளும் அதற்கேற்பக் குறையும். இந்த 0.5 என்ற எல்லையையும் அளவெடுக்கும் முன்பே எழுதிவைக்க வேண்டும்.

பன்னிரண்டையும் தொடர்ச்சியாக எடுக்காதீர்கள். நேற்றைய ஏரியும் இன்றைய ஏரியும் ஏறக்குறைய ஒன்றுதான். செவ்வாய், வெள்ளி என்று நிர்ணயித்து ஆறு வாரம் போங்கள். வானம் நன்றாக இருக்கிற நாளாகப் பொறுக்கிப் போகக்கூடாது. மேகமூட்டம் என்றால் நோட்டில் எழுதிக்கொண்டு போய்வாருங்கள்.

7. அனுமதி, காலம், செலவு

ஏரி யாருடையது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பொதுவாக 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். நகர எல்லைக்குள் பூங்கா, நடைபாதை அமைத்த ஏரி என்றால் நகராட்சியிலோ மாநகராட்சியிலோ விசாரியுங்கள். குழப்பமாக இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் சொல்லிவிடுவார்.

கொடுக்க வேண்டியவை: துறைத் தலைவர் கையெழுத்திட்ட கடிதம், கல்லூரி அடையாள அட்டை நகல், அளவெடுக்கும் தேதிகளும் நேரங்களும், மூன்று இடங்களைக் குறித்த வரைபடம். "மாசு பற்றி ஆய்வு" என்று கடிதத்தில் எழுதினால் தேவையில்லாத கேள்விகள் வரும். "கரைந்த ஆக்சிஜன் அளவீடு, நாளொன்றுக்கு 4 லிட்டருக்கும் குறைவான தண்ணீர் மாதிரி" என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். இரண்டு நகல் கொண்டுபோய் ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி, அதைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். மீன் குத்தகைக்காரரிடமும் நேரில் சொல்லிவிடுங்கள்; விடியலில் டார்ச்சோடு கரையில் நின்றால் மீன் திருட வந்தவர் என்றுதான் நினைப்பார். எந்த நாளில் தீவனம் போடுகிறார், சுண்ணாம்பு போடுகிறார் என்பதையும் அவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.

காலக் கணக்கு: கடிதத்துக்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். டிசம்பர் நடுவில் கொடுத்தால் ஜனவரி கடைசியில் தொடங்கலாம், ஆறு வாரத்தில் மார்ச் நடுவில் முடியும். மழை ஓய்ந்து, ஏரியில் தண்ணீரும் இருக்கிற காலம் அது. ஏப்ரலுக்குத் தள்ளினால் கரையோரம் தண்ணீர் பின்வாங்கி, நீங்கள் குறித்த இடம் வெறும் சேறாக இருக்கும்.

செலவு பெரும்பாலும் வேதிப்பொருளும் பெட்ரோலும்தான். மூன்று இடம், இரண்டு வேளை, இரட்டைப் பாட்டில் என்று நாளுக்குப் பன்னிரண்டு பாட்டில். ஒரு வேளைக்கு ஆறு 300 மி.லி. பி.ஓ.டி. பாட்டில் போதும், காலையில் எடுத்ததை முடித்துக் கழுவிப் பிற்பகலுக்குக் கொண்டுபோகலாம். ஒரு பாட்டிலுக்கு 2 மி.லி. வீதம் பன்னிரண்டு நாளைக்கு ஒவ்வொரு கரைசலும் 288 மி.லி. ஆகும். முன்சோதனை, சிந்துவது எல்லாம் சேர்த்து அரை லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். தயோசல்பேட் இரண்டு லிட்டர்.

தனியாகப் போகாதீர்கள், தண்ணீரில் இறங்காதீர்கள். வண்டல் மண் எடுத்த ஏரிகளில் கரையோரமே ஆளுயரப் பள்ளம் இருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. மூன்று மீட்டர் கம்பில் மாதிரிக் குவளையைக் கட்டிக் கரையில் நின்றே எடுங்கள்.

8. அளவீடு: குமிழிதான் எதிரி

வாளியில் மொண்டு பாட்டிலில் ஊற்றினால் காற்று கலந்து ஆக்சிஜன் ஏறிவிடும். குறைவாக உள்ள இடத்தில்தான் இந்தத் தவறு அதிகம், அதாவது உங்கள் வேறுபாட்டையே அழித்துவிடும். ஒன்றரை லிட்டர் பிடிக்கிற, அகன்ற வாயுள்ள டப்பா ஒன்று எடுத்து, அடியில் கனத்துக்கு ஒரு கல்லை வைத்து, உள்ளே பி.ஓ.டி. பாட்டிலை நிறுத்துங்கள். டப்பா மூடியில் இரண்டு ஓட்டை. ஒன்றின் வழியாக வரும் குழாய் பாட்டிலின் அடிவரை போகட்டும். மற்றது காற்று வெளியேற, மேலே நீண்டு தண்ணீர் மட்டத்துக்கு வெளியே நிற்கட்டும். 30 செ.மீ. ஆழத்தில் பிடித்தால் தண்ணீர் பாட்டிலின் அடியிலிருந்து நிரம்பி, வழிந்து, டப்பாவையும் நிரப்பும். முதலில் வந்த, காற்றுப் பட்ட தண்ணீர் வெளியே போய்விடும்.

பாட்டிலை எடுத்ததும் பிப்பெட் முனையைத் தண்ணீருக்குள் விட்டு 2 மி.லி. மாங்கனஸ் சல்பேட், பிறகு 2 மி.லி. ஆல்கலி அயோடைடு அசைடு. மூடியைச் சாய்வாக வைத்து, குமிழி இல்லாமல் மூடி, பதினைந்து முறையாவது தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். வீழ்படிவு பழுப்பாக வந்தால் ஆக்சிஜன் இருக்கிறது. எவ்வளவு கருத்த பழுப்போ அவ்வளவு அதிகம். பால் போல வெள்ளையாக நின்றால் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. விடியலில் கால்வாய்ப் பக்கப் பாட்டில் வெள்ளையாகவும் மதகுப் பக்கப் பாட்டில் பழுப்பாகவும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தால், கணக்குப் போடும் முன்பே ஏரி பதில் சொல்லத் தொடங்கிவிட்டது. இரண்டையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாட்டில்களை இருட்டுப் பெட்டியில் வைத்துச் சில மணி நேரத்துக்குள் ஆய்வகம் கொண்டுபோய், 2 மி.லி. அடர் கந்தக அமிலம் சேர்த்து, படிவு கரைந்ததும் 203 மி.லி. எடுத்து, 0.025 நார்மல் தயோசல்பேட்டால் தரம்பாருங்கள். வைக்கோல் நிறம் வந்ததும் ஸ்டார்ச் விடுங்கள். நீலம் முதலில் மறையும் இடம்தான் முடிவு. சற்று நேரம் கழித்து நீலம் திரும்ப வந்தால் அதைத் துரத்தாதீர்கள். இந்த அளவில் செலவான ஒவ்வொரு மி.லி.யும் லிட்டருக்கு ஒரு மி.கி. ஆக்சிஜன். 203 என்பது, சேர்த்த கரைசல்கள் வெளியே தள்ளிய 4 மி.லி. தண்ணீருக்கான ஈடு.

தயோசல்பேட் நாள்பட்டால் வீரியம் குறையும். அப்போது அதிகம் செலவாகி, ஆக்சிஜன் அதிகமாகத் தெரியும். அளவெடுக்கும் ஒவ்வொரு நாளும் டைகுரோமேட்டை வைத்துத் தரப்படுத்துங்கள். இரட்டைப் பாட்டில்களுக்குள் 0.2 மி.கி.க்கு மேல் போகக்கூடாது, அரை மி.கி. வித்தியாசம் வந்தால் ஒன்றில் குமிழி மாட்டியிருக்கிறது. அசைடு கடும் நஞ்சு. அந்தக் கரைசலில் நேரடியாக அமிலம் படக்கூடாது, வாயால் பிப்பெட்டை உறிஞ்சவே கூடாது.

9. இரண்டு நாள் முன்சோதனை, பிறகு சினாப்சிஸ்

பன்னிரண்டில் சேராத இரண்டு நாள் முன்னதாகப் போய்வாருங்கள். அதில் ஒரு நாள் விடியல், காலை பத்து, பிற்பகல் இரண்டரை என்று மூன்று வேளையும் எடுங்கள். கணக்குப் புரிவதற்காக நாமே போட்ட எண்கள் இவை: கால்வாய்ப் பக்கம் விடியலில் 1.4, பத்து மணிக்கு 6.0, பிற்பகலில் 11.2. மதகருகே 4.6, 6.1, 8.1. பத்து மணி எண்களை மட்டும் மூடிவிட்டுப் பார்த்தால் கதை தெரியும். பத்து மணியை மட்டும் பார்த்தால் கதையே இல்லை. இதில் 8.1 என்பதும் 7.2-ஐத் தாண்டியிருக்கிறது, அதாவது மதகுப் பக்கமும் பாசி இருக்கிறது, கால்வாய்ப் பக்கம் அதைவிட அதிகம். "மதகுப் பக்கம் சுத்தம்" என்று எழுதக்கூடாது.

முன்சோதனையில் மூன்று இடமும் ஒரே மாதிரி வந்தால் பயப்பட வேண்டாம். முதலில் கால்வாயில் கழிவுநீர் உண்மையிலேயே ஓடுகிறதா என்று போய்ப் பாருங்கள். கோடையை நெருங்கும்போது சில கால்வாய்கள் வறண்டுவிடும். ஓடியும் வேறுபாடு இல்லை என்றால் இன்மைக் கருதுகோளே நிற்கலாம். அதுவும் முடிவுதான், பன்னிரண்டு நாளையும் முடியுங்கள்.

சினாப்சிஸில் எல்லையைப் பற்றி இரண்டு வரி எழுத இடம் விடுங்கள். இந்த ஆய்வு ஒரே ஏரியில், ஒரே பருவத்தில், ஒரே கால்வாய் வாயருகே நடந்தது. கருதுகோள் 2 தேறினால், "கால்வாய்ப் பக்கத்து ஆக்சிஜன் குறைவு பாசியின் இரவுச் சுவாசத்தோடு பொருந்துகிறது" என்று எழுதலாம். பாசியின் அளவை நீங்கள் அளக்கவில்லை. "பாசிதான் காரணம் என்று நிறுவப்பட்டது" என்று எழுத முடியாது. அந்த ஒரு படி மேலே போக வேண்டுமென்றால் அதே தண்ணீரை வெள்ளைப் பாட்டிலிலும் கருப்புத்தாள் சுற்றிய பாட்டிலிலும் அடைத்து, நான்கு மணி நேரம் ஏரியிலேயே தொங்கவிட்டு, இரண்டையும் அளக்க வேண்டும். இரண்டாவது ப்ராஜெக்டுக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.